இரண்டு மடங்கு வேகத்தில் என் கணவர்

சியோலில் தேர்வுப் பயிற்சி மையங்கள் நிறைந்த நோரியாங்ஜின்னில் என் கணவரை நேரில் பார்த்த மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். இந்த மனுஷனுக்கு உடம்புக்கு ஏதாவதா, இல்லை தூக்கக் கலக்கமா? தெருவோரக் கோப்பைச் சோற்றுக் கடை வரிசையில் நிற்கும்போது எவனாவது ஓடி வந்து குனிந்து வணங்குவான். இவரும் நல்லபடியாக, "படிப்பு எப்படிப் போகுது, சாப்பிட்டியா?" என்பார். அவன் முகத்தில் குழப்பம் தெரியும். காரணம் வேறொன்றும் இல்லை. அவன் மாதக்கணக்காக இவர் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் மட்டுமே கேட்டிருப்பான். சாதாரண மனிதனின் சாதாரணப் பேச்சு அவன் காதுக்கு நத்தை ஊர்வதுபோல இருக்கும்.

இங்கே எவனும் பாடத்தை ஒரு மடங்கில், அதாவது பேசிய வேகத்திலேயே, கேட்பதில்லை. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நேரம்தான் எல்லாமே. பதிவுசெய்த பாடத்தைத் திறந்ததும் முதல் வேலையாக வேகத்தை ஏற்றிவிடுவார்கள். என் கணவர் பியோ ஜோங்பே நிர்வாகச் சட்டம் நடத்துகிறவர். ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும் கேமராவைப் பார்த்து, "ரெண்டு மடங்குல ஓட்டிட்டிருக்கிற தம்பி, சோத்தையாவது ஒரு மடங்குல சாப்பிடு" என்று கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலையும் அவர்கள் இரண்டு மடங்கில்தான் கேட்டார்கள்.

அந்தப் பாடங்களை வெட்டி ஒட்டிப் பதிவேற்றுவது நான். பெயர் கு யோன்சில். அவரை மணந்தது முதலில், அவர் பாடங்களுக்குத் தொகுப்பாளராக ஆனது பிறகு. அவருடைய இருமல், சாக்பீஸை ஒடிக்கும் சத்தம், தப்பாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடிக்கும் இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் பேசாத பேச்செல்லாம் அங்கேதான் பேசுவார் என்று எனக்கு ஒரு குறை உண்டு. அது இருக்கட்டும்.

அக்டோபரில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளைக்குப் போகிற சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு. சீக்கிரம் கொண்டுபோனதால் உயிருக்கு ஒன்றும் இல்லை, புத்திக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் வலது கை மந்தமாகிவிட்டது. நாக்கும் அப்படியே. சொல்ல நினைப்பது முழுசாக உள்ளே இருக்கிறது, வெளியே வரும்போது குழைந்துவிடுகிறது. பேச்சை வைத்துப் பிழைத்த மனுஷன் அதோடு வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைக் காட்டுவார். நான் அழவில்லை. எரிச்சல்தான் பட்டேன். அழுவதை விட அது எனக்குச் சுலபம்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நம்குங் ஆரா. சின்ன வயது, தேன் ஒழுகுகிற குரல். அவள் சொன்ன வழி எளிமையானது. ஒரு குரல் மெதுவாகப் பேசும், அதோடு சேர்ந்து இவரும் பேச வேண்டும். வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்குப் போய்ச்சேர நேரம் கிடைக்கும், வார்த்தை தெளிவாக வரும். அவசரப்பட்டால் குழையும். அவ்வளவுதான்.

"சார், என்கூட சேர்ந்து சொல்லுங்க. இன்னிக்கு... வானம்... தெளிவா... இருக்கு."

இவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வாயைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் காட்டினார்: நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா?

"சரி, அந்தப் பொண்ணு குரல் பிடிக்கல. எந்த மகாராஜா குரல் வந்தா கூட சேர்ந்து பேசுவீங்க?" என்று கேட்டேன்.

கேட்ட எனக்கே பதில் கிடைத்துவிட்டது. அந்த மகாராஜாவின் குரல் என் கணினியில் அறுநூறு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது.

சத்தத்தை மெதுவாக்குவது என்றால் பழைய கேசட்டை விரலால் பிடித்து இழுப்பது போல அல்ல. அப்படி இழுத்தால் குரல் தடித்து, குடிகாரன் முனகுவது போலாகும். வேகமாகச் சுற்றினால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். நாங்கள் செய்வது வேறு. கணினி குரலை மிக மெல்லிய துண்டுகளாக நறுக்கும். ஒரு துண்டு கண் இமைக்கும் நேரத்தில் சிறு பங்குதான் இருக்கும். வேகம் கூட்ட வேண்டுமானால் இடையிடையே கொஞ்சம் விட்டுவிட்டு மிச்சத்தை ஒன்றன் விளிம்பு மேல் ஒன்று ஏறும்படி ஒட்டும். குறைக்க வேண்டுமானால் சிலவற்றை மறுபடியும் போட்டு நீட்டும். அலையோடு அலை பொருந்துகிற இடமாகப் பார்த்து ஒட்டுவதால் தையல் தெரியாது. துண்டுக்கு உள்ளே எதையும் தொடுவதில்லை, அதனால் குரலின் கனம் அப்படியே இருக்கும். பேசுகிறவர் அவரேதான், நிதானமாகப் பேசுகிறார், அவ்வளவே.

அவருடைய பழைய பாடம் ஒன்றை எடுத்து வேகத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஓட்டிக் காட்டினேன். சோபாவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு முகம் சுளித்து, வாரக்கணக்கில் பேசாத வாயால், குழைவாக, ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"திக்குது."

நியாயம்தான். 'க', 'ட', 'ப' போல வெடித்துக் கிளம்புகிற ஒலிகள் ஒரு நொடியில் பிறந்து சாகிறவை. அந்தத் துண்டையும் கணினி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு 'ட'வும் இரண்டு 'ட'வாக ஒலித்தது, தகரக் கூரையில் புளியங்கொட்டை விழுந்த மாதிரி. உடம்பு சரியில்லாமல் கிடந்தாலும் இவருக்கு வாத்தியார் புத்தி போகவில்லை. தப்பு கண்டுபிடிக்க மட்டும் வாய் திறக்கிறது. எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அப்போதுதான் அழுதேன். அவர் பேசிவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு பாடமாக நானே கையால் சரிசெய்தேன். வெடிக்கிற ஒலிகள் தொடங்கும் இடத்தைத் தொடாமல் விட்டு, உயிரெழுத்தின் நடுப்பகுதியை மட்டும் நீட்டினேன், வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தையும் நீட்டினேன். மனிதர்கள் மெதுவாகப் பேசும்போது அப்படித்தான் பேசுகிறார்கள். 'ட' நீள்வதில்லை, 'டா'வில் இருக்கும் 'ஆ'தான் நீள்கிறது. இப்போது கேட்டால் அவரேதான், ஏதோ விடுமுறை நாளில் அவசரமே இல்லாமல் சட்டம் பேசுவது போல.

அவர் தன் குரலோடு சேர்ந்து பேச ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பு. அப்புறம் வாக்கியத்தின் கடைசி வார்த்தை மட்டும். பனி கொட்டுகிற மாதத்தில் ஒரு முழு வாக்கியம். பழைய ஜோக் வருகிற இடத்தில் தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சும்மா இருப்பேன். ஆரா எனக்கு ஒரே ஒரு உத்தரவுதான் போட்டிருந்தாள். "மேடம், அவர் பாதியில நிக்கறப்போ நீங்க முடிச்சு வைக்காதீங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் காத்திருங்க." உலகத்தில் எனக்கு மிகக் கஷ்டமான வேலை அதுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பிப்ரவரி முடிவில் அவரால் தெளிவாகப் பேச முடிந்தது. ஆனால் பழைய வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில்தான். அதற்கு மேல் போனால் வார்த்தை குழைந்தது. ஆரா உண்மையை மறைக்கவில்லை. "இனிமே இதுதான் சாரோட வேகம்னு வச்சுக்கலாம்."

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாக, அவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய மூச்சு விட்டு.

"கடைசி... நாலு பாடம்... யாரு எடுக்கிறாங்க?"

தேர்வுக்கு முன்னால் வருகிற இறுதித் திருப்புதல் வகுப்பு. அக்டோபருக்கு முன்பே அதன் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்தார். கடைசி நான்கு மட்டும் பாக்கி. அந்த நாலும் வேறு ஆளுக்குப் போனால், அடுத்த வருஷ வகுப்பும் அந்த ஆளுக்குத்தான் போகும். எங்கள் தொழில் அப்படி. முகம் மறந்தால் ஆள் மறந்தது. அவர் கேட்டது நாலு பாடத்தைப் பற்றி இல்லை. தான் இன்னமும் வாத்தியார்தானா என்று.

பயிற்சி மையத்தின் இயக்குநர் மா ஹியோங்தே, கல்லூரியில் என் கணவருக்கு ஜூனியர். இவரை அண்ணன் என்பான், என்னை அண்ணி. நல்லவன்தான், பயந்தவன்.

"அண்ணி, அண்ணன் மேல எனக்கு மரியாதை இல்லாமயா? ஆனா இந்த வேகத்துல பாடத்தப் போட்டா, முதல் நிமிஷத்துலயே பணத்தத் திருப்பிக் குடுன்னு வந்து நிப்பானுங்க. புது ஆள் ஒருத்தர் ரெடியா இருக்காரு."

"வேகம்தானே உனக்குப் பிரச்சனை? நான் ஏத்திக் குடுக்கிறேன். பழைய வேகத்துக்கே கொண்டு வந்துடறேன்."

"குரல் மாறிடாதே?"

"பதினோரு வருஷமா இந்த மையத்துல உக்காந்திருக்கே, இன்னும் இத என்கிட்ட கேக்கற பாரு."

அவன் தலையைச் சொறிந்தான். சரி என்றான்.

முதல் பாடத்தைப் பதிவு செய்தோம். இவர் கரும்பலகை முன்னால் நின்று, மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கவனமாக வைத்துப் பேசினார். சாக்பீஸ் பிடித்த கையும் மெதுவாகத்தான் நகர்ந்தது. நான் அதை எடுத்து ஒன்றரை மடங்கு ஏற்றினேன். படமும் ஒலியும் சேர்ந்தே ஏறின. ஓட்டிப் பார்த்தபோது மா ஹியோங்தே கண்களைத் துடைத்துக்கொண்டான். அக்டோபருக்கு முந்தைய பியோ ஜோங்பே அங்கே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதிவேற்றினேன்.

மறுநாள் காலை மையத்தின் இணையதளத்தில் மாணவர்களின் கேள்விப் பகுதி கொதித்தது. 'சார் தண்ணிக்குள்ள இருந்து பேசுறாரா?' 'பாதி வார்த்தை காணோம்.' 'என் இயர்போன் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கிட்டேன், யார் காசு குடுப்பா?'

நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. நான் சோதித்தது ஒரு மடங்கில். இந்தத் தெருவிலேயே எவனும் கேட்காத வேகம் அது. நான் ஒன்றரை மடங்கு ஏற்றி ஒட்டி முடித்த குரலை, பிள்ளைகளின் கருவி எடுத்து இன்னும் இரண்டு மடங்குக்கு மறுபடி நறுக்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூன்று மடங்கு. மெதுவாகப் பேசுகிறவர் உயிரெழுத்தை நீட்டுவார், அதில் நறுக்க நிறைய இடம் உண்டு. 'க'வும் 'ட'வும் எப்போதும் போலக் குட்டியாகத்தான் இருக்கும். என் நறுக்கலில் தப்பியதை அவர்கள் நறுக்கல் விழுங்கிவிட்டது. தைத்த துணியையே வெட்டித் திரும்பத் தைத்தால் என்ன மிஞ்சும்? என் கணவர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டு மீட்டெடுத்த எழுத்துகளை நானே சிந்திவிட்டேன்.

மா ஓடி வந்தான். அவன் கையில் புது ஆளின் பாட அட்டவணை இருந்தது. அறையில் இவரும் உட்கார்ந்திருந்ததைக் கவனித்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"காட்டு," என்றார் இவர்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"மறைக்கவும்... உனக்கு... தெரியல."

மா தரையைப் பார்த்தான். நான் வாய் திறக்கப் போனேன், இவர் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த வாக்கியத்தை அவர் முடிக்க நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"நான் பேசினத... அப்படியே போடு. எதையும்... ஏத்தாத."

"அண்ணே, அது ரொம்ப மெதுவா..."

"எவன்டா... ஒரு மடங்குல... கேக்கறான்?"

நான் மா ஹியோங்தேயைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷமாகத் தினமும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். சட்டம் படித்த இவருக்குத் தோன்றியது, ஒலியை நறுக்கிப் பிழைக்கிற எனக்குத் தோன்றவில்லை. இவர் இப்போது பேசுவது மூன்றில் இரண்டு பங்கு. அதைப் பிள்ளைகள் இரண்டு மடங்கு ஏற்றினால், பழைய பியோ ஜோங்பே கொஞ்சம் உற்சாகமாக இருக்கிற நாளில் பேசுகிற வேகம். ஒரே ஒரு தடவைதான் நறுக்கல். எழுத்துகள் பிழைத்துவிடும்.

இந்த முறை எல்லா வேகத்திலும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மடங்கில் ஓடியபோது இவரை அருகில் உட்கார வைத்து, என் ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினேன். திரையில் அவருடைய கை பழையபடி பலகையில் ஓடியது. குரல் தடுக்காமல் போயிற்று. அவர் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் வேறு வேலை இருப்பது போல மேஜையைத் துடைத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாம்ணே," என்றான் மா. "நாளைக்கும் இப்படியே புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே மையத்துக்குப் போனோம். நான் கேள்விப் பகுதியைத் திறந்தேன். இவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். சத்தமாகப் படித்தேன்.

"'சத்தம் சரியாயிடுச்சு, நன்றி.' 'நாற்பத்தி ரெண்டாவது நிமிஷத்துல சொன்ன வழக்கு, பழைய தீர்ப்பா புதுசா?' 'சார், இன்னிக்கு ரெண்டு மடங்கு கூட ரொம்ப மெதுவா இருக்கு. மூணு மடங்கு பட்டன் வைக்கச் சொல்லுங்க.'"

அவ்வளவுதான். உடம்புக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார், பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"திமிரு... பிடிச்ச... பசங்க," என்றார்.

மிச்சம் மூன்று பாடங்களையும் அதே போல எடுத்தோம். கடைசிப் பாடத்தில் மட்டும் அந்தப் பழைய கிண்டலை மறுபடி சொன்னார். ரெண்டு மடங்குல ஓட்டிட்டிருக்கிற தம்பி, சோத்தையாவது ஒரு மடங்குல சாப்பிடு. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் ஒரு மௌனத்தைக்கூட வெட்டவில்லை.

ஏப்ரலில் தேர்வு முடிந்த நாள் மத்தியானம், இருவரும் கோப்பைச் சோற்றுக் கடைக்குப் போனோம். தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளைகளின் கூட்டம். கையில் கோப்பையோடு நின்ற ஒருத்தி இவரைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கி ஓடி வந்தாள். உயரமான பெண், விரலெல்லாம் பேனா மை.

"பியோ சார்தானே? நான் உங்க மாணவி, சார். நேர்ல இப்பத்தான் பாக்கறேன்."

இவர் என்னைப் பார்த்தார். வெளியாள் ஒருவரிடம், கேமரா இல்லாமல், மருத்துவமனை இல்லாமல், ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்காகப் பேச என் நாக்கு துடித்தது. இவருக்கு உடம்பு சரியில்லம்மா, கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவார் என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். என் கோப்பையில் இருந்த சோற்றைக் கிளறினேன்.

"பரீட்சை..." என்றார். நின்றார். மூச்சு விட்டார். "எப்படி... எழுதின?"

அந்தப் பெண் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சீனியருங்க சொன்னது உண்மைதான் சார். நேர்ல சார் பேசினா நமக்குக் கொட்டாவி வரும், அவ்ளோ நிதானம்னு சொல்லிட்டே இருப்பாங்க. சும்மா ஓட்டறாங்கன்னு நெனச்சேன்."

"அப்... படியா," என்றார் இவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நிர்வாகச் சட்டம் நல்லா எழுதியிருக்கேன். ஒரே ஒரு கேள்விதான் சந்தேகம்."

எந்தக் கேள்வி என்று இவர் கேட்டார். அவள் சொன்னாள். இவர் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு சொல்லாக, கடை வாசலில் நின்றபடி. அவள் தலையாட்டிக் கேட்டாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அவரை வேகப்படுத்த வழி இல்லை. ஒரு மடங்கில் கேட்டார்கள். எங்கள் சோறு ஆறிப்போயிற்று.

வீடு திரும்பும் வழியில் கடற்பாசி வாங்கினேன். பிறந்தநாளன்று கடற்பாசி சூப் குடிப்பது எங்கள் ஊர் வழக்கம், அவருடைய பிறந்தநாள் மார்ச்சிலேயே வந்து போயிருந்தது. ஆனால் வழவழவென்று இருக்கும் அந்தச் சூப்பைக் குடித்தால் தேர்வில் வழுக்கிவிடும் என்று பிள்ளைகள் தொடமாட்டார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து, தேர்வு முடியாமல் பிறந்தநாள் சூப்பைத் தொட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் இதற்குத் தனியாகச் சண்டை போடுவேன். இந்த வருஷம் போடவில்லை.

சூப்பை வைத்தேன். ஒரு கரண்டி குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "யோன்சில்," என்றார். ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை நடுவில் நின்றது. அது என்ன என்று எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது, சொல்லி முடித்துவைக்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"உப்பு... பத்தல," என்றார் அவர்.